‘இந்த ஆண்டு பட்ஜெட்டை நிறுத்தி வைத்துவிட்டார்கள்’ என்று வாடிக்கையாளர் சொன்னால்: புதிய விற்பனையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

தொழிற்சாலைகளுக்குக் கருவியோ மென்பொருளோ விற்கும் வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் இந்தப் பதிலைச் சீக்கிரமே சந்திப்பார்கள்: “உங்கள் கொட்டேஷனைப் பார்த்தோம். நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த ஆண்டு பட்ஜெட்டை நிர்வாகம் நிறுத்தி வைத்திருக்கிறது. அடுத்த ஆண்டு பார்க்கலாம்.”

புதியவர்கள் இதற்கு இரண்டு விதமாகப் பதில் எழுதுகிறார்கள். ஒரு சாரார் அன்றைக்கே 15 சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்று எழுதிவிடுகிறார்கள். மற்றவர்கள் “நன்றி, அடுத்த ஆண்டு தொடர்புகொள்கிறோம்” என்று எழுதிவிட்டு, நாட்காட்டியில் ஏப்ரல் 1 மீது வட்டம் போடுகிறார்கள். முதல் தவறு பணத்தைத்தான் கரைக்கும். மரியாதையாகத் தெரியும் இரண்டாவது பதில் ஓர் ஆண்டையே தின்றுவிடும். ஏப்ரலில் செலவழிக்க வேண்டிய பணத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் டிசம்பர், ஜனவரி மாதங்களிலேயே பங்குபோட்டு முடித்துவிடுகின்றன. ஏப்ரலில் போய் நிற்பவருக்கு “இந்த ஆண்டுப் பட்டியலில் இது இல்லையே, அடுத்த ஆண்டு பார்க்கலாம்” என்ற அதே பதில்தான் கிடைக்கும்.

ஆகவே, இந்தக் கடிதத்துக்கு எழுதும் பதிலுக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. என்ன நிறுத்தப்பட்டிருக்கிறது, அடுத்த பட்ஜெட் பட்டியல் எந்தத் தேதியில் மூடப்படுகிறது என்ற இரண்டையும் கண்டுபிடிப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பேச வசதியாக ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நீங்கள் கோவையில் மின் நுகர்வைக் கண்காணிக்கும் மீட்டர்களை விற்கும் சிறு நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள். திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலை. உயர் அழுத்த மின் இணைப்பு உண்டு. மின்வாரியத்திடம் ஒப்புக்கொண்ட உச்சத் தேவையை, அதாவது ஆலைக்காரர்கள் ‘டிமாண்ட்’ என்று சொல்லும் அளவை, ஆலை அவ்வப்போது தாண்டிவிடுகிறது. தாண்டிய மாதங்களில் பில்லில் கூடுதல் கட்டணம் விழுகிறது. 18 மீட்டர்கள், மென்பொருள், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து, ஜி.எஸ்.டி. இல்லாமல் 4,50,000 ரூபாய்க்கு நீங்கள் கொட்டேஷன் கொடுத்திருக்கிறீர்கள். செப்டம்பர் மாதத்தில், ஆலையின் மின் பொறியாளரிடமிருந்து மேலே சொன்ன பதில் வருகிறது.

முதல் பதில்: சிறியதாக, அன்றைக்கோ மறுநாள் காலையிலோ

வந்த கடிதத்தைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். எழுதியவர் முடிவெடுப்பவரா, முடிவைக் கடத்துபவரா? மின் பொறியாளர் கடத்துபவர். பணத்தைத் தடுத்தவர் ஆலை மேலாளராகவோ கணக்குப் பிரிவாகவோ முதலாளியாகவோ இருப்பார். பொறியாளரிடம் வாதாடினால், அவர் கையில் இல்லாத ஒன்றைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்துகிறீர்கள். அவர் உங்கள் பக்கம் நிற்க வேண்டிய ஆள். அவரைத் தாண்டி நேராக முதலாளிக்கு எழுதுவது அதைவிட மோசம். அந்தக் கடிதம் சுற்றிக்கொண்டு பொறியாளர் மேசைக்கே திரும்பி வரும், அவருடைய கோபத்தோடு.

பதில் இப்படி இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதுபவர்களும் இதே வரிசையில் எழுதலாம்:

> வணக்கம் சார்,
>
> நிலைமையை வெளிப்படையாகத் தெரிவித்ததற்கு நன்றி. நிறுத்தம் விலகும்வரை முழு ஆர்டரைக் கேட்டு உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.
>
> ஒரு விவரம் மட்டும் தெரிந்தால் உதவியாக இருக்கும். புதிய இயந்திரம், கருவி போன்ற மூலதனச் செலவுகளை மட்டும் நிறுத்தியிருக்கிறார்களா, பராமரிப்புச் செலவுகளையும் சேர்த்து நிறுத்தியிருக்கிறார்களா?
>
> எழுதுவதைவிடப் பேசுவது எளிது என்றால், வியாழக்கிழமை மதியம் 3 மணிக்கு மேல் ஐந்து நிமிடம் அழைக்கிறேன்.

இவ்வளவுதான். தள்ளுபடி இல்லை, கையேடு இணைப்பு இல்லை, “இப்போது வாங்காவிட்டால் இவ்வளவு நட்டம்” என்ற கணக்கும் இல்லை. அந்தக் கணக்குக்கு வேறு இடம் இருக்கிறது, பிறகு வரும். “தொந்தரவு செய்ய மாட்டேன்” என்ற வரியை வெறும் மரியாதைக்காக எழுதாதீர்கள். எழுதினால் காப்பாற்ற வேண்டும். அதை நம்பித்தான் அவர் தொலைபேசியை எடுக்கிறார்.

தள்ளுபடி ஏன் கூடாது? விலை அதிகம் என்று அவர் சொல்லவே இல்லை. செலவழிக்க அனுமதி இல்லாதவருக்கு 4,50,000-மும் 3,82,500-மும் ஒன்றுதான். அடுத்த ஆண்டு பேச்சு தொடங்கும்போது மட்டும் 3,82,500 என்பது உங்கள் ‘பழைய விலை’யாகிவிடும். பேரம் அங்கிருந்து கீழே போகும்.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை

மூலதனச் செலவா, பராமரிப்புச் செலவா என்ற கேள்வி முதலில். இரண்டாவது: அடுத்த ஆண்டுக்கான தேவைப் பட்டியலை அவர் துறை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும்? மூன்றாவது: எது மாறினால் இந்த நிறுத்தம் விலகும்?

இரண்டாவது கேள்வியில் ஒரு வலை இருக்கிறது. ‘இந்த ஆண்டு’ என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல. இந்தியச் சட்டப்படி நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. உள்ளூர் ஆலைகள் அதன்படியே பட்ஜெட் போடுகின்றன. ஆனால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் கிளை ஆலைகளில், சட்டக் கணக்கு ஏப்ரலில் தொடங்கினாலும் உள் பட்ஜெட் தாய் நிறுவனத்தின் நாட்காட்டிப்படி ஜனவரியில் தொடங்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் செப்டம்பரில் ‘இந்த ஆண்டு’ என்றால் இன்னும் நான்கு மாதங்கள்கூட இல்லை. பட்டியல் தயாரிப்பு அப்போதே நடந்துகொண்டிருக்கும். எனவே “அடுத்த ஆண்டு எப்போது தொடங்குகிறது” என்று கேட்காமல் “பட்டியல் கொடுக்கக் கடைசித் தேதி எது” என்று கேளுங்கள். நம் நூற்பாலையில் பதில் ‘டிசம்பர் 15’ என்று வைத்துக்கொள்வோம்.

மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் பல நேரங்களில் வாயிலுக்கு வெளியே இருக்கும். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, அந்தச் சந்தையை நம்பியிருந்த திருப்பூர் ஏற்றுமதியாளர்களை அது நேரடியாகத் தாக்கியது. இப்படியான ஒரு காரணத்தால் செலவை நிறுத்திய நிறுவனம், அந்தக் காரணம் தளரும்போது ஆண்டின் நடுவிலேயே நிறுத்தத்தை விலக்கக்கூடும். பஞ்சு விலை, நூல் தேக்கம், வங்கிக் கடன் வரம்பு என்று காரணம் எதுவாக இருந்தாலும், எதைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். “முதலாளியின் மனநிலை மாறினால்” என்று சிரித்துக்கொண்டே சொல்பவர்களும் உண்டு. அதுவும் தகவல்தான்.

உண்மையான நிறுத்தமா, மரியாதையான மறுப்பா?

நம் ஊரில் முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொல்வதைப் பலர் தவிர்ப்பார்கள். பட்ஜெட் என்பது யாரையும் புண்படுத்தாத காரணம். அதனால் இதைப் பிரித்தறியத் தெரிந்தாக வேண்டும்.

நிறுத்தம் உண்மையென்றால் விவரங்கள் தானாக வரும். எப்போது சுற்றறிக்கை வந்தது, வேறு எந்தெந்த வேலைகள் நின்றன, யாரிடம் கேட்டும் நடக்கவில்லை என்றெல்லாம் அவரே சொல்வார். சற்றுப் புலம்பவும் செய்வார். மறுப்பு என்றால் பதில்கள் வழுக்கும். “பார்க்கலாம் சார்”, “மேலே கேட்க வேண்டும்”, தேதி தெரியாது, பட்டியலும் தெரியாது. அதே வாரத்தில் ஆலையில் புதிய கம்ப்ரசர் வந்து இறங்குகிறது என்றால் சந்தேகம் வலுக்கும். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆறு மாதங்களுக்கு முன்பு போட்ட ஆர்டர் நிறுத்தத்துக்குப் பிறகும் வந்து சேரும்.

எனக்குத் தெரிந்தவரை நம்பகமான சோதனை ஒன்றுதான். அவருக்குப் பணச் செலவு இல்லாத, ஆனால் கொஞ்சம் உழைப்பு தேவைப்படும் ஒன்றைக் கேளுங்கள். இங்கே, கடந்த 12 மாத மின் பில்களின் நகல். “அடுத்த ஆண்டுப் பட்டியலுக்கு உங்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு தயார் செய்து தருகிறேன். அதற்குப் பில்கள் வேண்டும்.” ஆர்வமுள்ளவர் ஒரு வாரத்துக்குள் எழுத்தரிடம் சொல்லி அனுப்பிவிடுவார். இரண்டு முறை நினைவூட்டியும் வரவில்லை என்றால், பட்ஜெட் இருந்திருந்தாலும் இந்த ஆர்டர் வந்திருக்காது.

அப்படித் தோன்றினால், அவர் உண்மையைச் சொல்ல எளிதான ஒரு வழியைத் திறந்துவிடுங்கள்:

> வணக்கம் சார்,
>
> பட்ஜெட் தவிர, எங்கள் கருவியிலோ விலையிலோ பொருத்தும் முறையிலோ உங்கள் ஆலைக்குச் சரிவராத ஏதாவது இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். இது தேவையில்லை என்று நிர்வாகம் கருதினாலும் பரவாயில்லை, கோப்பை மூடிவிடுகிறேன்.

“கோப்பை மூடிவிடுகிறேன்” என்பது மிரட்டலாகத் தொனிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் இதற்குப் பிறகுதான் “உண்மையில் எங்களுக்கு வேறொருவர் பாதி விலைக்குக் கொடுக்கிறார்” என்று எழுதுவார்கள். அது வேறு உரையாடல். அதற்கு வேறு பதில் எழுத வேண்டும்.

பராமரிப்புச் செலவு திறந்திருந்தால்

பல ஆலைகளில் நிறுத்தம் என்பது மூலதனச் செலவுக்கு மட்டும்தான். உதிரிபாகம், பழுது, சேவை ஆகியவற்றுக்கான பராமரிப்புத் தலைப்பு மூடப்பட்டிருக்காது. மூடினால் ஆலை ஓடாது. அந்தத் தலைப்பின் கீழ் ஆலை மேலாளர் மேலிடத்தைக் கேட்காமல் ஒப்பமிடக்கூடிய வரம்பு ஒன்று இருக்கும். நம் உதாரணத்தில் ஒரு லட்ச ரூபாய் என்று கொள்வோம்.

இங்கே புதியவர்களுக்கு உடனே தோன்றும் யோசனை: 4,50,000 ரூபாய் வேலையை ஐந்து பில்களாக உடைத்துவிட்டால்? வேண்டாம். ஒரே வேலையை வரம்புக்குக் கீழே துண்டுபோடுவதைத்தான் உள்தணிக்கையாளர் முதலில் தேடுவார். ஒரே விற்பனையாளர், அடுத்தடுத்த தேதிகள், வரம்புக்குச் சற்றுக் கீழே தொகைகள். கண்ணில் படாமல் போகாது. மாட்டிக்கொள்பவர் உங்களுக்கு உதவிய மேலாளர். அந்த ஆலையில் உங்கள் பெயர் பல ஆண்டுகளுக்கு எழாது.

செய்யக்கூடியது, தனியாகவே பயன்தரும் ஒரு சிறு வேலையைக் கண்டுபிடிப்பது. இந்த ஆலைக்கு, உள்வரும் பிரதான இணைப்பில் ஒரு மீட்டரும் இரண்டு பெரிய பேனல்களில் ஒவ்வொன்றும் என மூன்று மீட்டர்கள். விலை 70,000, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 82,600. டிமாண்ட் வரம்பை நெருங்கும்போது பொறியாளரின் கைபேசிக்கு எச்சரிக்கை வரும். மின்தடைக்குப் பிறகு ரிங் ஃபிரேம்கள், ஈரப்பத நிலையம், கம்ப்ரசர்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிளப்பும்போது வரம்பு தாண்டுகிறதா என்பது தெரிந்துவிடும். இதைப் பராமரிப்புச் செலவாக எழுதலாமா, மூலதனமாகத்தான் எழுத வேண்டுமா என்பதை ஆலையின் கணக்குப் பிரிவு முடிவு செய்யும். நீங்கள் பில்லில் ‘மீட்டர்’ என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ‘உதிரிபாகம்’ என்று எழுதச் சொல்லிக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

இந்தச் சிறு வேலையில் ஓர் ஆபத்தும் உண்டு. மூன்று மீட்டர்களே போதும் என்று ஆலை முடிவு செய்துவிடலாம். எச்சரிக்கை வந்ததும் எதையாவது நிறுத்தினால் கூடுதல் கட்டணம் குறையத்தானே செய்யும்? உண்மைதான். மூன்று மீட்டர்கள் *எப்போது* தாண்டப்போகிறது என்று சொல்லும். *எதை* நிறுத்தினால் உற்பத்தி பாதிக்காது என்பதைச் சொல்லத்தான் மீதி பதினைந்து. அந்த இரண்டாவது விவரத்துக்கு அந்த ஆலையில் தேவையே இல்லை என்றால், உங்கள் பெரிய கொட்டேஷன் முதலிலேயே பெரிதாகப் போடப்பட்டது என்று பொருள். சிறு ஆர்டரோடு திருப்திப்படுங்கள்.

வாடிக்கையாளரே முன்வைக்கும் இன்னொரு வழி: “இப்போது பொருத்திவிடுங்கள், பில்லை ஏப்ரலில் போடலாம்.” கேட்க இனிமையாக இருக்கும். விற்பனைக்குச் சரக்கு கிளம்பும்போதே, அல்லது அதற்கு முன்பே, பில் போட வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டத்தின் பொது விதி. வாங்குவதா வேண்டாமா என்று பார்த்துச் சொல்லும் நிபந்தனையில் அனுப்பும் சரக்குக்கு மட்டும் ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு. அதற்குள் ஏற்றுக்கொண்டால் அப்போதே பில் போட வேண்டும். ஆகவே உண்மையான சோதனை ஓட்டமாக இருந்தால், எழுத்தில் நிபந்தனை, டெலிவரி சலான், திருப்பி எடுக்கும் தேதி ஆகிய மூன்றோடும் அனுப்பலாம். கொள்முதல் முடிவாகிவிட்ட ஒன்றுக்கு இந்த வேடம் போட முடியாது. அதோடு, அனுமதித்தவர் ஏப்ரலுக்குள் மாற்றலாகிப் போய்விட்டால் உங்கள் 18 மீட்டர்கள் யாருடைய கணக்கிலும் இல்லாமல் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும்.

வாடகைக்குத் தருவது நல்ல வழிதான், உங்கள் நிறுவனத்துக்கு முதல் தாங்கும் என்றால். பங்குச் சந்தையில் உள்ள, அல்லது நிகர மதிப்பு 250 கோடி ரூபாயை எட்டிய நிறுவனங்கள் பின்பற்றும் கணக்கு முறையில், 12 மாதங்களுக்கு மேற்பட்ட குத்தகையும் பொதுவாகச் சொத்துக் கணக்கில் ஏறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அங்கே ‘வாடகை என்பதால் மூலதனச் செலவல்ல’ என்ற வாதம் எடுபடாமல் போகலாம். நீண்ட கடன் கேட்டாலும் ஓர் எல்லை உண்டு: 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். “ஆறு மாதம் கழித்துத் தருகிறோம்” என்பதை அவர்களுடைய கணக்குப் பிரிவே ஒப்புக்கொள்ளத் தயங்கும்.

எல்லாமே மூடியிருந்தால்: பட்டியலில் ஏறும் வேலை

பராமரிப்புத் தலைப்பும் மூடியிருந்தால் எஞ்சியிருப்பது டிசம்பர் 15. நூற்பாலையின் மின் பொறியாளர் அன்று ஒரு படிவத்தை நிரப்பி மேலாளரிடம் கொடுப்பார். அதில் உங்கள் வேலைக்கு ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரியை எழுத அவருக்கு நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. நீங்கள் எழுதித் தர வேண்டும்.

நவம்பர் கடைசி வாரத்தில் கொடுங்கள். அதற்கு முன் கொடுத்தால் மேசையில் புதையும், டிசம்பர் 14 அன்று கொடுத்தால் அவர் பட்டியலை முடித்திருப்பார். ஒரு பக்கம் போதும். உங்கள் நிறுவனத்தின் முத்திரைத்தாளில் வேண்டாம். அவர் தன் பெயரில் மேலே அனுப்பக்கூடிய வெறும் தாளாக, திருத்தக்கூடிய கோப்பாக இருக்கட்டும். அதில் உங்கள் கருவியின் புகழ் ஒரு வரிகூட வரக் கூடாது. ஆலையின் பிரச்சினை, தொகை, எவ்வளவு நாளில் திரும்பும், செய்யாவிட்டால் என்ன என்ற நான்கும் போதும்.

கணக்கை இப்படிப் போடுங்கள். அவர் அனுப்பிய 12 பில்களில் கூடுதல் டிமாண்ட் கட்டணம் விழுந்த மாதங்களைக் கூட்டினால் 4,10,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் மிச்சப்படுத்துவோம் என்று எழுதாதீர்கள். எந்த ஆலையிலும் அது நடக்காது. ஆர்டர் நெருக்கடியில் எச்சரிக்கை வந்தாலும் இயந்திரத்தை நிறுத்த மாட்டார்கள். எந்தெந்த நாள்களில் தவிர்த்திருக்க முடியும் என்று பொறியாளரோடு உட்கார்ந்து பார்த்து, அவரே ஒப்புக்கொள்ளும் பங்கை எழுதுங்கள். அவர் 60 சதவீதம் என்கிறார். ஆண்டுக்கு 2,46,000 ரூபாய். 4,50,000 ரூபாய் முதலீடு சுமார் 22 மாதங்களில் திரும்பும். 60 என்ற எண் அவருடையது என்பதால், கூட்டத்தில் யாராவது கேள்வி கேட்டால் அவரே அதற்காக வாதாடுவார். உங்கள் எண்ணாக இருந்தால் “விற்பவர் சொன்னார்” என்று கைகழுவிவிடுவார்.

காத்திருப்பதன் விலையும் இங்கேதான் வர வேண்டும், ஒரே வரியில்: “தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் சராசரியாக 20,500 ரூபாய்.” அதை அவருக்கு மாதாமாதம் எழுதி அனுப்பினால் நச்சரிப்பு. நிர்வாகத்துக்குப் போகும் தாளில் ஒருமுறை எழுதினால் வாதம்.

தொகையை இரண்டாக எழுதுங்கள்: ஜி.எஸ்.டி. இல்லாமல் 4,50,000, சேர்த்து 5,31,000. உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய ஆலைக்குச் செலவு முதல் தொகைதான், ஆனால் வங்கியிலிருந்து போவது இரண்டாவது தொகை. எந்தப் பட்டியலில் எது கேட்கிறார்கள் என்று தெரியாமல் ஒன்றை மட்டும் எழுதினால், ஏப்ரலில் 81,000 ரூபாய்க்குத் துண்டு விழும்.

இதோடு இணைப்பது வழக்கமான கொட்டேஷன் அல்ல, ‘பட்ஜெட்டரி கொட்டேஷன்’ எனப்படும் உத்தேச விலை. வழக்கமான கொட்டேஷன் 30 நாள்களில் காலாவதியாகும். உத்தேச விலை அடுத்த ஆண்டு வரை ஒரு வழிகாட்டி எண்ணாக நிற்கும். ஆர்டர் சமயத்தில் உறுதி விலை தனியாகத் தரப்படும் என்று அதிலேயே எழுதிவிடுங்கள். இதில் விலையைக் குறைத்துக் காட்டும் ஆசை வரும், பட்டியலில் சுலபமாக ஏறட்டும் என்று. எதிர்த்திசையில் போங்கள். ஐந்து சதவீதம் வரை கூட்டி, 4,70,000 என்று எழுதி, குறிப்பில் உள்ள தொகைகளையும் அதற்கேற்ப மாற்றிவிடுங்கள். உறுதி விலை அனுமதித்த தொகைக்குள் இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆயிரம் ரூபாய் தாண்டினால் கோப்பு மீண்டும் மேலே போய் இரண்டு மாதம் தங்கும். அதற்காக 20 சதவீதம் கூட்டாதீர்கள். முதலீடு திரும்பும் காலம் இரண்டு ஆண்டுகளைத் தாண்டினால், பட்டியலில் முதலில் வெட்டுப்படும் வரி அதுவாக இருக்கலாம்.

குறிப்பைக் கொடுக்கும்போது எழுதும் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்:

> வணக்கம் சார்,
>
> டிசம்பர் 15 பட்டியலுக்காகப் பேசிய குறிப்பை இணைத்திருக்கிறேன். எண்கள் எல்லாம் உங்கள் பில்களிலிருந்து எடுத்தவை. 60 சதவீதம் என்பதை நீங்கள் விரும்பினால் குறைத்துக்கொள்ளலாம், மற்றவை தானாக மாறும்படி கோப்பை அமைத்திருக்கிறேன். உங்கள் படிவத்தில் வேறு ஏதாவது விவரம் கேட்டிருந்தால் சொல்லுங்கள், அன்றே அனுப்புகிறேன்.

இடைப்பட்ட மாதங்கள்

செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை ஒரே ஒரு முறை எழுதினால் போதும், அதுவும் சொல்ல ஏதாவது இருந்தால்: மின் கட்டண விகிதம் மாறியிருக்கிறது, அல்லது அதே அளவு ஆலை ஒன்றில் உங்கள் கருவி பொருத்தி ஆறு மாதப் பில் கையில் இருக்கிறது (அந்த ஆலையின் அனுமதியோடு). “சும்மா நினைவூட்டலாம் என்று” என்று தொடங்கும் கடிதங்களை எழுதாதீர்கள்.

மார்ச்சில் ஒரு விஷயத்தை எதிர்பார்த்திருங்கள். ஆண்டு முடியும் தறுவாயில் சில துறைகளில் செலவாகாத பணம் மிஞ்சியிருப்பது தெரியவரும். அப்போது “இரண்டு வாரத்தில் பொருத்தி முடிக்க முடியுமா” என்று திடீரென்று அழைப்பு வரலாம். முடியுமென்றால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். “மார்ச்சுக்குள் வாங்கினால் தேய்மானச் சலுகை கிடைக்கும்” என்று நீங்களாகத் தூண்டில் போடுவதில் பெரிய பலமில்லை. ஆண்டில் 180 நாள்களுக்குக் குறைவாகப் பயன்பாட்டில் இருந்த சொத்துக்கு வருமான வரிக் கணக்கில் பாதித் தேய்மானம்தான் கிடைக்கும். ஆலையின் கணக்காளருக்கு அது உங்களைவிட நன்றாகத் தெரியும்.

பிப்ரவரியில் பட்டியலுக்கு அனுமதி கிடைத்தது என்று செய்தி வந்தால், ஆர்டர் கிடைத்துவிட்டதாக உங்கள் மேலாளரிடம் சொல்லிவிடாதீர்கள். அனுமதி வேறு, பணம் விடுவிப்பு வேறு. காலாண்டு வாரியாக விடுவிக்கும் நிறுவனங்கள் உண்டு. உங்கள் வேலை மூன்றாவது காலாண்டில் இருந்தால் பணம் அக்டோபர் முதல்தான். “அனுமதி எந்தக் காலாண்டுக்கு, கொள்முதல் கோரிக்கையை யார் எழுப்ப வேண்டும்” என்று கேளுங்கள். கோரிக்கை எழுந்தால்தான் கொள்முதல் துறை ஆணை போடும். பொறியாளர் அதை எழுப்ப மறந்து, அனுமதி கிடைத்த பணம் அப்படியே அடுத்த மார்ச்சில் காலாவதியாவதும் நடக்கிறது. கோரிக்கைக்குத் தேவையான தொழில்நுட்ப விவரக் குறிப்பையும் உறுதி விலைக் கொட்டேஷனையும் ஏப்ரல் முதல் வாரத்தில் அவர் கையில் சேர்த்துவிடுங்கள். கொள்முதல் துறை இன்னும் இரண்டு கொட்டேஷன்கள் கேட்கும் என்பதையும் எதிர்பாருங்கள். பேரம் அங்கேதான் நடக்கும். செப்டம்பரில் கொடுக்காமல் வைத்திருந்த தள்ளுபடியில் ஒரு பகுதிக்கு இப்போது வேலை வரும்.

பட்டியலில் ஏறியும் வெட்டப்பட்டுவிட்டால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த எண்ணைப் பார்த்து வெட்டினார்கள்? தொகை பெரிது என்றால் மூன்று மீட்டர் வேலைக்குத் திரும்பலாம். திரும்பும் காலம் நீளம் என்றால், அடுத்த 12 பில்கள் வந்தபின் கணக்கைப் புதுப்பிக்கலாம். யாருக்குமே நினைவில்லை என்றால் உங்கள் வேலை கூட்டத்தில் பேசப்படவே இல்லை. அந்த நிலையில் ஆலையை மாதாந்திரப் பட்டியலிலிருந்து எடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பர் முதல் வாரத்தில் அழைக்கும் பட்டியலுக்கு மாற்றிவிடுங்கள்.